38 மதிப்பெண்ணும், சாய்ஸில் விட்ட 52 மதிப்பெண்ணும்

வாசகர் கேள்வி

என் மகன் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். எட்டாம் வகுப்பு வரை கணக்கில் அறுபதுக்குக் குறையாது. காலாண்டில் 44 எடுத்தான். உடனே ‘பி’ செக்‌ஷனிலிருந்து ‘டி’ செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். கணக்கு சாரைப் போய்ப் பார்த்தேன். “பாஸ் பண்ண வைக்கிறது என் பொறுப்பு. அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்கம்மா, இவனுக்கு நாற்பதைத் தாண்டாது” என்றார். அரையாண்டில் 38. சார் சொன்னபடியே நடந்துவிட்டது. ஏன்டா எழுதலை என்று கேட்டால், சார் அதையெல்லாம் சாய்ஸ்ல விடச் சொன்னார் என்கிறான். கணக்கு டியூஷனையும் நவம்பரில் நிறுத்திவிட்டோம். என் கணவர், “முப்பது வருஷ அனுபவம், அவருக்குத் தெரியாதா?” என்கிறார். ஆசிரியர் நம்பிக்கை வைத்தால் பிள்ளையின் ஐ.க்யூ.வே கூடும் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். அப்படியானால் சாரிடம் கெஞ்சி, அவனிடம் நாலு நல்ல வார்த்தை பேசச் சொல்லலாமா? இல்லை, பள்ளியை மாற்றுவதா? காமர்ஸ் குரூப் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். காலாண்டு, அரையாண்டு கணக்கு விடைத்தாள்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள அம்மா,

கடிதத்தைவிட அந்த விடைத்தாள்கள்தான் எனக்கு அதிகம் சொல்லின. பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டது என்று வருகிற பெற்றோரில் பெரும்பாலோர் ரேங்க் கார்டை மட்டும்தான் கொண்டுவருவார்கள். நீங்கள் தாளையே அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரியிலேயே வினாத்தாள் அமைத்திருக்கிறது. ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் பத்து எழுத வேண்டும், 20. ஐந்து மதிப்பெண்ணில் பத்து எழுத வேண்டும், 50. கடைசியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, சேர்ந்து 16. மொத்தம் 100.

இப்போது அரையாண்டுத் தாளைப் பாருங்கள். வடிவியலிலும் வரைபடத்திலும் 16க்கு 14. ஒரு மதிப்பெண்ணில் 14க்கு 10. இரண்டு மதிப்பெண்ணில் நான்கே நான்கு எழுதியிருக்கிறான், நான்கும் சரி, 8. ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு எழுதி, பத்துக்கு 6. கூட்டினால் 38. அதாவது உங்கள் மகன் தொட்டது 48 மதிப்பெண்ணுக்கு, வாங்கியது 38. மீதி 52 மதிப்பெண் வெற்றுத்தாள். தப்பாக எழுதிப் போனதல்ல, எழுதவே இல்லை.

காலாண்டுத் தாள் வேறு மாதிரி இருக்கிறது. அதில் ஐந்து மதிப்பெண் கணக்கு ஆறில் கை வைத்திருக்கிறான். முழுசாகச் சரியானது ஒன்றுதான், மற்றதெல்லாம் பாதியில் தடம் மாறியிருக்கிறது. ஆனால் மொத்தத்தில் 78 மதிப்பெண்ணுக்கு முயன்றிருக்கிறான், கிடைத்தது 44. மூன்று மாதத்தில் நடந்தது இதுதான்: எழுதியதில் பிழை குறைந்தது, எழுதும் பரப்பு சுருங்கியது. வெறும் 44, 38 என்று பார்த்தால் பையன் மங்கிக்கொண்டே போவதாகத் தோன்றும். தாள் அப்படிச் சொல்லவில்லை.

சார் கணித்தாரா, அல்லது ஏற்பாடு செய்தாரா?

உங்கள் கடிதத்தின் நடுவே ஒரு வரி இருந்தது: “ஏன்டா எழுதலை என்று கேட்டால், சார் அதையெல்லாம் சாய்ஸ்ல விடச் சொன்னார் என்கிறான்.” எனக்கு அந்த ஒரு வரி போதும்.

கடைசி செக்‌ஷனுக்கு ‘பாஸ் மெட்டீரியல்’ என்று ஒன்று இருக்கும். வடிவியல், வரைபடம் இரண்டையும் தினமும் போட்டுப் பழக்கு, 16 உறுதி. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்ய வை, 14 கையில். ஐந்தாறு இரண்டு மதிப்பெண் கணக்கு. 35 தாண்டிவிடும். இந்தக் கூட்டல் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆலோசகராவதற்கு முன் பதினொரு வருடம் நான் கணக்கு டீச்சர். கடைசி செக்‌ஷன் என் தலையில் விழுந்த வருடங்களில் நானும் இதைத்தான் செய்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிள்ளைகள் ஃபெயிலாகிவிடக் கூடாது என்ற பயம், நிர்வாகத்துக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும் என்ற அழுத்தம். ஆனால் விளைவு என்ன? நாற்பதைத் தாண்ட மாட்டார்கள் என்று நான் முடிவு செய்தேன், நாற்பதுக்கு மட்டும் நடத்தினேன், அவர்கள் 38 எடுத்தார்கள். “நான் அப்பவே சொன்னேனே” என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லவும் செய்தேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் 1948இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்ளும் கணிப்பு என்று தமிழில் சொல்லலாம். அவர் காட்டிய உதாரணம் ஒரு வங்கி. நன்றாக நடக்கும் வங்கி திவாலாகப் போகிறது என்று வதந்தி கிளம்புகிறது. எல்லோரும் ஓடிப்போய்ப் பணத்தை எடுக்கிறார்கள், வங்கி நிஜமாகவே மூழ்குகிறது. தொடக்கத்தில் பொய்யாக இருந்த ஒன்றை, அதை நம்பியவர்களின் செயலே உண்மையாக்கிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ‘செயல்’ என்ற சொல்லை. வதந்தியை நம்பிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் வங்கிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சாரின் மனதில் என்ன இருக்கிறது என்பது உங்கள் மகனை நேராகத் தொடுவதில்லை. அந்த எண்ணத்தால் அவர் எந்தப் பயிற்சியை விட்டார், யாரிடம் கேள்வி கேட்டார், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பவைதான் தொடுகின்றன.

கடைசியாகச் சொன்னதை மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். சுமாராகப் படிப்பவர்கள் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்கு அதைவிடவும் குறைவு. யோசிக்க நேரம் அதிகம் தேவைப்படுபவனுக்குத்தான் நேரம் குறைவாகக் கிடைக்கிறது. இதை எந்த ஆசிரியரும் வேண்டுமென்று செய்வதில்லை. பையன் திணறுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும், “சரி, உட்கார்” என்று சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போய்விடுவோம்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் படித்தது

அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை, அப்படியே நம்பத் தக்கதும் இல்லை. ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் கலிஃபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த பரிசோதனை அது. 1968இல் புத்தகமாக வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயரைச் சீட்டுக் குலுக்குவது போல எடுத்து, “இவர்கள் இந்த வருடம் பளிச்சென்று முன்னேறப் போகிறவர்கள் என்று ஒரு தேர்வு காட்டுகிறது” என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருடக் கடைசியில் முதல் வகுப்பில் அந்தப் பிள்ளைகளின் ஐ.க்யூ. மற்றவர்களைவிடச் சராசரியாக 15 புள்ளி கூடுதலாக உயர்ந்திருந்தது. இரண்டாம் வகுப்பிலும் வித்தியாசம் தெரிந்தது. ஃபார்வேர்டு செய்திகள் இதோடு நின்றுவிடும். மூன்று முதல் ஆறு வரையிலான வகுப்புகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்பதையும், அவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஐ.க்யூ. தேர்வே சரியான அளவுகோல் அல்ல என்று அப்போதே கடும் விமர்சனம் எழுந்ததையும் சொல்லாது.

உங்களுக்கு உதவக்கூடியது 1984இல் வந்த இன்னோர் ஆய்வு. இதே மாதிரியான 18 பரிசோதனைகளை ஸ்டீபன் ராடன்புஷ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஆசிரியருக்குப் பிள்ளைகள் புதியவர்களாக இருந்த இடங்களில் அந்த இட்டுக்கட்டிய தகவல் வேலை செய்திருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் பழகியிருந்த இடங்களில் அநேகமாக ஒன்றுமே நடக்கவில்லை. தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு யாரோ சொன்னதை ஆசிரியர் ஏன் நம்பப் போகிறார்? உங்கள் சார் இவனை மாதக் கணக்கில் பார்த்துவிட்டார். நீங்கள் கெஞ்சினால் அவர் நாலு நல்ல வார்த்தை பேசலாம், ஆனால் சாய்ஸில் விட்ட பயிற்சிகள் சாய்ஸிலேயே இருக்கும். ஆகவே கெஞ்ச வேண்டாம்.

அதே கலிஃபோர்னியா பள்ளியில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விஷயமும் நடந்தது. அங்கும் ஒவ்வொரு வகுப்பும் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கீழ்ப் பிரிவில் இருந்த, பட்டியலில் பெயர் வராத சில பிள்ளைகள் தாமாகவே நன்றாக முன்னேறினார்கள். அவர்களை ஆசிரியர்கள் பாராட்டவில்லை, குறைவாகவே மதிப்பிட்டார்கள். எதிர்பார்க்காத இடத்திலிருந்து வரும் முன்னேற்றம் சிலருக்கு உறுத்துகிறது போல. நாளை உங்கள் மகன் ஐந்து மதிப்பெண் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டும்போது, “உனக்கு எதுக்குடா இது, கிராஃபை ஒழுங்காப் போடு” என்று பதில் வரலாம். அப்படி வரும் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் எவ்வளவு சரி

பாதிக்கு மேல் சரி. ஆசிரியரின் கணிப்பும் பிள்ளையின் மார்க்கும் ஒத்துப்போவதற்குப் பெரும்பாலான நேரங்களில் காரணம், ஆசிரியர் சரியாகக் கணித்திருப்பதுதான். கணிப்பே மார்க்கை உண்டாக்கும் பங்கு சராசரியாகப் பார்த்தால் சிறியது என்றுதான் பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைகளிடம் அந்தப் பங்கு கூடுகிறது. உங்கள் மகன் இப்போது நிற்பது அங்கேதான்.

காலாண்டில் சார் பார்த்தது பொய்யில்லை. ஆறு கணக்குத் தொடங்கி ஐந்தில் வழுக்கியிருக்கிறான். ஏன் என்று நான் வரி வரியாகப் பார்த்தேன். மூன்று இடத்தில் ஒரே பிழை: −3(x − 2) என்பதை −3x − 6 என்று விரித்திருக்கிறான், −3x + 6 என்று வர வேண்டும். அரையாண்டில் அந்த இரண்டு ஐந்து மதிப்பெண் கணக்கிலும் போன நான்கு மதிப்பெண்ணும் இதே குறிப் பிழையால்தான். இது ஏழாம் வகுப்பு முழு எண்கள் பாடத்தில் விட்ட ஓட்டை. இதைப் பார்த்து “இவனுக்கு இயற்கணிதம் வராது” என்று ஆசிரியர் முடிவு செய்திருந்தால் அது புரிகிறது. ஆனால் இந்த ஓட்டையை அடைக்க தினம் பத்துக் கணக்கு வீதம் இரண்டு மூன்று வாரம் போதும். பாடத்தையே நிறுத்துவது அதற்கு மருந்தில்லை.

தரம் பிரித்தாலே பிள்ளை கெட்டுப்போவான் என்றும் எண்ண வேண்டாம். கென்யாவில் 121 தொடக்கப் பள்ளிகளில் நடந்த பெரிய பரிசோதனை ஒன்றில், முதல் வகுப்புப் பிள்ளைகளை மார்க்கை வைத்து இரண்டாகப் பிரித்த பள்ளிகளில் மேல் பாதி, கீழ் பாதி இரண்டுமே கலந்து உட்காரவைத்த பள்ளிகளைவிட நன்றாகச் செய்தன. கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்த பிள்ளைகளுக்கும் நஷ்டமில்லை. அங்கே ஆசிரியர்கள் பிள்ளை நிற்கும் படியிலிருந்து பாடத்தைத் தொடங்கினார்கள். எந்தப் பிரிவுக்கு எந்த ஆசிரியர் என்பதும் குலுக்கலில் முடிவானது. நம் ஊர் அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இந்த எண்ணத்தில்தான்: அரும்பில் இருப்பவன் மொட்டுக்குப் போக வேண்டும். உங்கள் பள்ளியின் ‘டி’ செக்‌ஷன் அவனை −3(x − 2)இலிருந்து தொடங்கி மேலே கூட்டிப்போயிருந்தால் நான் அதற்கு ஆதரவாகவே எழுதியிருப்பேன்.

பள்ளியில் என்ன கேட்பது

போவதற்கு முன் ஒரு வேலை. ‘பி’ செக்‌ஷன் நண்பன் ஒருவனின் கணக்கு நோட்டை ஒரு நாள் இரவல் வாங்குங்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாடவாரியாக எந்தப் பயிற்சி அங்கே இருந்து இங்கே இல்லை என்று குறியுங்கள். இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் ஆகியவற்றில்தான் பெரிய இடைவெளி இருக்கும் என்பது என் ஊகம். ஒரு பக்கத்துக்குள் அந்தப் பட்டியல் அடங்கட்டும்.

சாரிடம் போகும்போது “என் பையனை மட்டமா நினைக்கிறீங்க” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தாளை நீட்டி இப்படிக் கேளுங்கள்: “சார், நீங்க நடத்தினதுல நாற்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு எடுத்திருக்கான். உங்க உழைப்பு தெரியுது. இந்தப் பட்டியல்ல இருக்கிற பயிற்சியில வாரம் ரெண்டு ஐந்து மார்க் கணக்கு அவன் வீட்டுல போட்டுக் கொண்டுவந்தா, எந்த வரியில தப்புன்னு மட்டும் சுழிச்சுக் கொடுப்பீங்களா?” இதற்கு வாரம் ஐந்து நிமிடம் ஆகும். முடியாது என்று சொல்லும் ஆசிரியர் குறைவு. அதைவிட, தான் விட்ட கணக்கை இந்தப் பையன் போட்டு வருவதை அவர் கண்ணால் பார்ப்பார். அவர் எண்ணம் மாறுவதானால் அதைப் பார்த்துத்தான் மாறும்.

முதல்வரிடம் கேட்க வேண்டியது வேறு. மறுபடி ‘பி’ செக்‌ஷனுக்குப் போக எந்தத் தேர்வில் எவ்வளவு வேண்டும், முடிவை யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். “நல்லாப் படிச்சா மாத்துவோம்” என்று சொன்னால் விடாதீர்கள், எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு செக்‌ஷன் பிரிப்பதற்கு முன்பே இது தெரிய வேண்டும். பாடம் நடத்தாத பகுதியிலும் சேர்த்து அதே வினாத்தாளை வைத்து மதிப்பிட்டால் ‘டி’யிலிருந்து யாரும் ஏற முடியாதே என்பதையும் மெதுவாகச் சொல்லி வையுங்கள். இதைப் பல நிர்வாகிகள் யோசித்தே பார்த்ததில்லை.

பள்ளியை மாற்றுவது

இப்போது வேண்டாம். வருட நடுவில் மாற்றினால் பாடம் இன்னும் விட்டுப்போகும். புதுப் பள்ளி நுழைவுத் தேர்வு வைத்தால், இதே குறிப் பிழையோடு போய் அங்கேயும் கடைசி செக்‌ஷனில் உட்காருவான். நேராகப் பத்தாம் வகுப்பில் புது மாணவரைச் சேர்க்கத் தனியார் பள்ளிகள் பல தயங்கும். ஆண்டுத் தேர்வுக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை என்றால், செக்‌ஷன் பிரிக்காத அரசுப் பள்ளி அல்லது உதவிபெறும் பள்ளி பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்ற, “ஒன்பதில் ஃபெயில் போட்டுடுவோம், டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க” என்று சில பள்ளிகள் நெருக்குவது உண்டு. அப்படி வந்தால் வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்ளாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். நீங்களாக டி.சி. வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதன் பிறகு புகார் செய்ய இடமிருக்காது. மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் கேட்கலாம். ஆனால் செக்‌ஷன் பிரித்ததை மட்டும் வைத்துப் புகாரோடு தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பையன் அடுத்த ஒன்றரை வருடம் அங்கேதான் உட்கார வேண்டும்.

வீட்டில் ஓடும் கணிப்பு

இதைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படலாம். காமர்ஸ் குரூப் போதும் என்று உங்களைத் தேற்றிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். இதை அவன் காதுபடப் பேசினீர்களா? பேசியிருந்தால் வீட்டிலும் ஒரு சாய்ஸில் விடுதல் நடக்கிறது. கணக்கு டியூஷனை நவம்பரில் நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சார் நாற்பதுக்கு நடத்துகிறார், நீங்கள் நாற்பதுக்குச் செலவு செய்கிறீர்கள். காமர்ஸ் நல்ல குரூப், கணக்கு வராதவர்களை ஒதுக்கி வைக்கும் இடமல்ல. அவனுக்கே பிடித்திருந்தால் தாராளமாகப் போகட்டும். வெறும் 38ஐப் பார்த்து அந்த முடிவுக்கு வர வேண்டாம்.

டியூஷனை மறுபடி தொடங்குவதானால் ‘டி’ செக்‌ஷன் நோட்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள். அதே பாஸ் மெட்டீரியலை இன்னொரு தரம் போடுவார்கள். நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கப் பட்டியலைக் கொடுங்கள். முதல் மூன்று வாரம் குறிகள், அடைப்புக்குறி விரித்தல். அப்புறம் இயற்கணிதம்.

ஆண்டுத் தேர்வு விடைத்தாள் கைக்கு வந்ததும் இதே போல எண்ணிப் பாருங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், எத்தனை மதிப்பெண்ணுக்குத் தொட்டிருக்கிறான் என்று கூட்டி, 78, 48 என்ற இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 75 தொட்டு 45 வாங்கியிருந்தாலும் எனக்கு நிம்மதிதான், பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். மறுபடி 48 தொட்டு 42 வாங்கியிருந்தால், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், மார்க் ஏறியிருக்கிறதே என்று. அன்றைக்கு எனக்கு மறுபடி எழுதுங்கள், இரண்டு நோட்டுகளின் படத்தோடு.